நூறு மீட்டர் பலகை

ஒரு மனிதனின் கண் கெட்டுக்கொண்டே போனதை, நான்கு மாதம் வீடியோ கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கில் சரிசெய்யப் பார்த்தவன் நான். இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன். எந்த விதத்தில் எழுதினாலும் முட்டாள்தனத்தின் எடை குறையவில்லை. ஆகவே நேராகவே சொல்லிவிட்டேன்.

அந்த மனிதன் என் நண்பன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில், அதாவது ரோலிங் மில்லில், கிரேன் ஆபரேட்டர். கொட்டகையின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு பத்து டன் இரும்புக் கட்டைத் தரையில் சாக்பீஸால் கிழித்த கோட்டின் மேல் இறக்குவான். கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போனாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நான் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் டிஸ்பேட்ச் அலுவலகத்தில் லாரிகளுக்குக் காகிதம் எழுதுகிறேன். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. எங்களைச் சேர்த்துவைத்தது கார் ரேஸ். நிஜக் கார் அல்ல, கம்ப்யூட்டரில் ஓட்டுவது.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் மனைவி சிரித்து முடித்துப் பல வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பொன்னேரியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பதினாலு பேர், அவரவர் வீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரே ரேஸ் தடத்தில் இறங்குவோம். பாதிப் பேர் முதல் வளைவிலேயே ஒருவர்மேல் ஒருவர் ஏறிவிடுவார்கள். மீதிப் பேரில் என் நண்பன்தான் முதலாவது. நான் வழக்கமாகப் பதினொன்றாவது. பன்னிரண்டாவது வருகிறவருக்குக் கை நடுக்கம் உண்டு.

கவரைப்பேட்டையில் அவன் வீட்டு முன்னறையில் அந்த ரேஸ் இருக்கை இருந்தது. ஆலையில் கழித்துப்போட்ட சதுரக் குழாய்களை அவனே வெல்டிங் செய்து சட்டம் போட்டு, பழைய வேன் சீட்டை அதில் முடுக்கியிருந்தான். விருந்தாளி வந்தால் அவன் மனைவி அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுவார். மூடின பிறகு அது இன்னும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும்.

கம்ப்யூட்டரை அவனுக்குப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தது நான். நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு. பழைய டிவி முழு எச்டி. அந்தக் கார்டுக்கு அது சரியான ஜோடி. அந்த டிவி ஒருநாள் இடியில் போனதும், வீட்டுக்கே ஒரு புதுசு வாங்க வேண்டி வந்தது. 'ஃபோர் கே வாங்கு' என்று சொன்னதும் நான்தான். வாங்கி மாட்டிய அன்று, கூப்பிடாமலேயே போய் ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தினேன்.

அந்தச் சொற்பொழிவைச் சுருக்கமாகத் தருகிறேன். பின்னால் தேவைப்படும்.

திரையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் கார்டு எத்தனை புள்ளி வரைகிறது என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபோர் கே திரையில் எண்பத்து மூன்று லட்சம் புள்ளி. முழு எச்டிக்கு அதில் கால்வாசிதான். அவனுடைய கார்டு எண்பத்து மூன்று லட்சத்தையும் நேர்மையாக வரையப் போனால் நொடிக்கு இருபத்தைந்து படம்தான் வரும், நாக்குத் தள்ளிவிடும். ஆகவே முழு எச்டி அளவில் கால்வாசியை மட்டும் வரையச் சொல்லிவிட்டு, மீதியை ஊகித்து நிரப்பித் திரையளவுக்குப் பெரிதாக்கும் வேலையை அப்ஸ்கேலிங் என்ற ஏற்பாட்டிடம் ஒப்படைக்கலாம். அதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனாலும் நொடிக்கு அறுபது படம் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, கூர்மை. தூரத்தில் இருக்கிற மெல்லிசான சமாச்சாரங்கள், கம்பி வேலி, பலகையில் எழுத்து, இதெல்லாம் கொஞ்சம் கரைந்து தெரியும்.

நண்பன் சீட்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்போ ரோலிங்ல கட்டையை உட்டு இஸ்க்கிற மாதிரி. எடை கூடாது, நீளந்தான் கூடும்.”

“முழுசா அப்படி இல்ல. முன்னாடி வரைஞ்ச படங்கள்லருந்தும் கொஞ்சம் எடுத்துக்கும்.”

“பழைய ஸ்கிராப்பையும் சேத்து உருக்குறான். புரியுது வாத்தியாரே. நம்ம கம்பெனி வேலைதான்.”

எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசுகிறவனை எங்கள் பக்கத்தில் வாத்தியாரே என்பார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சொற்பொழிவின் கடைசியில் ஒரு வித்தையும் காட்டினேன். வரையும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கினேன். கார்கள் எல்லாம் மழையில் கரைந்த களிமண் பொம்மை மாதிரி ஆயின. மரங்கள் பச்சைக் கூழ். ஆனால் திரையின் மேல் மூலையில் இருந்த எண்கள், சுற்றுக்கான நேரம், வேகம், கியர், எல்லாம் ப்ளேடால் வெட்டியது போல நின்றன.

“அது இன்னா, நம்பர் மட்டும் அப்படியே கீது?”

“நம்பரை அப்ஸ்கேலிங் எல்லாம் முடிஞ்ச பிறகு, திரையோட முழு அளவுல தனியா மேல ஒட்டுவான். நீ உள்ளே எவ்ளோ குறைச்சாலும் நம்பர் மங்காது.”

இதை என் வாயால்தான் சொன்னேன். சாட்சிக்கு அவன் மனைவி டீயோடு நின்றிருந்தார்.

முதல் ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. அறுபது படத்தில் அவன் பறந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் முடிந்ததும் போன் வந்தது.

“வாத்தியாரே, பெரிய நேர் ரோட்டு முடிவுல, பிரேக்கு புடிக்க அடையாளமா நூறு மீட்டர் பலகை ஒண்ணு வரும் இல்ல. அது கஞ்சி மாதிரி தெரியுது.”

நான் மகிழ்ந்தேன். இந்த இடத்தை எழுதத்தான் கை வரவில்லை, ஆனாலும் உண்மை அதுதான்: நான் மகிழ்ந்தேன். அப்ஸ்கேலிங்கைப் பற்றி ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அதுவரை கண்ணில் படாத குறையெல்லாம் படத் தொடங்கும். இது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் அறிந்த வியாதி. சங்கீதம் கற்றுக்கொண்டவனுக்குக் கல்யாண வீட்டு நாதஸ்வரம் பொறுக்காமல் போவது மாதிரி. ஆக, கிரேன் ஓட்டுகிற ஒருவனிடம் ஒரு ரசிகனை உண்டாக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அவன் சீட்டில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பலகை கொஞ்சம் கரைந்துதான் இருந்தது, ஆனால் நூறு என்று படிக்க முடிந்தது. “தெரியுதே” என்றேன். “உனக்கு எதுவும் தெரியும்” என்றான். வரையும் அளவை ஒரு படி ஏற்றினேன். இப்போது கார்டு முப்பத்தேழு லட்சம் புள்ளி வரைந்தது. பலகை எனக்குப் பளிச்சென்று ஆயிற்று. படம் நாற்பத்தைந்துக்கு இறங்கியது. அவன் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டினான்.

“வண்டி சேத்துல போற மாதிரி கீது. திருப்புனா அப்புறந்தான் திரும்புது.”

அது நியாயமான புகார். நேர் ரோட்டின் முடிவில் அந்தக் கார் நொடிக்கு அறுபது மீட்டர் போகும். நொடிக்கு அறுபது படம் என்றால் படத்துக்குப் படம் ஒரு மீட்டர். படம் குறையக் குறைய, இரண்டு படங்களுக்கு நடுவே அவன் பார்க்காமல் கடக்கும் தூரம் கூடும். பிரேக்கை ஒரு விரற்கடை சுத்தமாக மிதிக்கிற ஆளுக்கு அது பெரிய பேஜாரு. அதனால் பழைய நிலைக்கே இறக்கினேன். பலகை மறுபடி கஞ்சி.

இப்படியே வாரா வாரம். ஏற்றினால் ஓட்ட முடியவில்லை, இறக்கினால் தெரியவில்லை. நிழலைக் குறைத்தேன், மரத்தைக் குறைத்தேன், கேலரியில் உட்கார்ந்திருந்த ஜனங்களை மொத்தமாக எடுத்துவிட்டேன். அப்படி மிச்சம் பிடித்த சக்தியில் வரையும் அளவை ஏற்றினேன். கூர்மையாக்கும் பட்டியைத் தள்ளிக்கொண்டே போனதில், கார்களுக்கெல்லாம் கண்மை தீட்டியது போல ஓரம் கட்டிவிட்டது. அவனுக்கு அது கொஞ்சம் பரவாயில்லை என்று பட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நல்ல கண்ணுக்கு இப்படி ஒரு படம் எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

சீட்டையும் டிவிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே வந்தான். முதலில் ஆறடி. பிறகு நாலடி. கடைசியில் அவன் மூக்கும் முன்னால் ஓடுகிற காரின் டிக்கியும் முத்தமிட்டுக்கொள்ளும் தூரம். அவன் மனைவி ஒருநாள் நாஷ்டா தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணா, இவரு சுகர் மாத்திரை ஒருநாள் போட்டா ரெண்டு நாள் போட மாட்டாரு. கண்ணு காட்டுங்கன்னா, கம்பெனிலயே பாஸ் பண்ணிட்டேன்றாரு.”

“பாஸ் பண்ணேன்டி. வருஷா வருஷம் பண்றேன்.”

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆலையில் வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. சுவரில் அதே அட்டை, வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் சத்தமாகப் படிக்கும் அதே எழுத்துகள். அவன் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ நிற்பான். ஞாபகசக்தி நன்றாகவே இருந்தது. இதெல்லாம் பிற்பாடு அவனே சொன்னது. அந்தக் காலையில், நான் பேச்சை அப்ஸ்கேலிங்குக்குத் திருப்பினேன். கையில் இட்லி வேறு இருந்தது.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். போனில் சொன்னான்:

“பலகையை உடு. மேல லேப் டைம் போடுறான் பாரு, அது மூணா எட்டான்னே தெரியல.”

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். எண்கள் மங்காது என்று வித்தை காட்டியவன் நான். உள்ளே எந்த அளவில் வரைந்தாலும் அவை திரையின் முழு அளவில் மேலே ஒட்டப்படுபவை. அவை மங்கின என்றால் மங்கியது கேம் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்றால், அதைவிட நுட்பமான ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தேன். சில டிவிகள் கேபிள் வழியாக வரும் நிறத்தை மட்டும் பாதி அளவில் வாங்கிக்கொள்ளும். அப்போது வண்ண எழுத்துகளின் ஓரம் கரையும். உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டு. படித்தவனுக்கு வரும் கேடு இதுதான். கண்ணெதிரே நிற்கும் காரணத்தை விட்டுவிட்டு, நாலு பேருக்குத் தெரியாத காரணத்தைப் போய்க் கட்டிக்கொள்வான். புதுக் கேபிள் வாங்கிக்கொண்டு போனேன். மாட்டினேன்.

“இப்போ?”

“கொஞ்சம் தேவலாம்” என்றான். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ரேஸில் நாலாவது வந்தான். அதற்கடுத்ததில் ஒன்பதாவது. பிறகு ஒரு வாரம், பிரேக்கே பிடிக்காமல் நேராகப் போய்ச் சுவரில் இறங்கினான். ஹெட்போனில் குழு மொத்தமும் கேலி செய்தது. பொன்னேரிக்காரர் ஒருவர், “கிரேன்காரா, ஹூக்கு போட்டு நிறுத்தணும்னு பாத்தியா?” என்றார். அவன் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போனான். அவன் பேச்சில் தோற்றதை அன்றுதான் முதன்முறை கேட்டேன்.

அன்று மத்தியானம் போய், கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். அப்ஸ்கேலிங்கை மொத்தமாக நிறுத்தினேன். எண்பத்து மூன்று லட்சம் புள்ளியையும் கார்டே வரையட்டும். படம் இருபத்தைந்துக்கு விழும், விழட்டும், ஓட்டப்போவதில்லை. நூறு மீட்டர் பலகைக்கு முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆட்டத்தையே உறைய வைத்தேன். அசைவே இல்லை, ஆகவே பட வேகம் என்ற பேச்சும் இல்லை. கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒன்றுமில்லாத, அந்த டிவி காட்டக்கூடியதிலேயே மிகச் சுத்தமான படம். பலகையின் மரச்சட்டத்தில் ஆணித் தலை தெரிந்தது.

“இப்போ படி.”

அவன் குனிந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். பிறகு மறுபக்கம். கோழி ஒரு தானியத்தைப் பார்ப்பது மாதிரி, ஓரக்கண்ணால்.

“பலகை எங்க?”

பலகை திரையின் நட்டநடுவே இருந்தது. அவன் நேராகப் பார்க்கும் இடத்தில்.

“ரோடு நேராத்தானே இருக்கு?” என்று கேட்டேன். “இல்லியே. நடுவுல நெளியுது. இது புது தடமா?” என்றான். வலது கண்ணை மூடச் சொன்னேன். பார்த்தான். இடதை மூடச் சொன்னேன். மூடினான். பிறகு, “டிவியை ஆஃப் பண்ணிட்டியா?” என்று கேட்டான்.

டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேல் மூலையில் எண்கள் ப்ளேடால் வெட்டியது போல நின்றன.

மறுநாள் காலை கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போனோம். பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாவை விரிந்து, வெளிச்சம் கூச, அவன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, “வாத்தியாரே, இந்த டாக்டரு எத்தினி புள்ளி வரைவாரு?” என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் சொன்ன நகைச்சுவைக்கு முதல் தடவையாக விளக்கமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய்கள் கசிந்து, வீங்கியிருக்கிறது. கூர்மையாகப் பார்ப்பதற்கு என்றே இருக்கிற இடம் அது. வலது கண்ணின் நடுப்பகுதி திரும்பக் கிடைப்பது கஷ்டம். இடது கண்ணில் இருக்கிறதை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில், மிகத் தெளிவாக இருந்தது.

“நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் என்னைப் பார்த்தார். “முன்னாடி வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. தினமும் இருபது பேரிடம் சொல்கிற குரல்.

வெளியே வந்து சீட்டு எழுதுகிற இடத்தில் நின்றபோது அவன் மெல்லச் சொன்னான், “கூண்டுல இனிமே ஏத்த மாட்டாங்க இல்ல.” கேள்வி மாதிரியே இல்லை. அந்த நான்கு மாதமும் அவன் பத்து டன் இரும்பை, ஆட்கள் நடமாடுகிற கொட்டகைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே நின்று கை காட்டுகிற ஆளின் சிவப்புச் சட்டையையும், இருபது வருஷப் பழக்கத்தையும் வைத்து இறக்கியிருக்கிறான். ஒருமுறைகூடக் கோடு தாண்டவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது.

ஆலையில் அவனைத் தரைக்கு இறக்கினார்கள். இப்போது கேட் பக்கத்தில் ஒரு நாற்காலி. சம்பளத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை; நல்லவர்கள்தான். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. கொட்டகைக்குள் கிரேன் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, யார் ஓட்டுகிறார்கள், எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று சொல்கிறானாம். சரியாகவும் இருக்கிறதாம். முன்னறையில் ரேஸ் சீட்டின் மேல் பெட்ஷீட் நிரந்தரமாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பதிமூன்று பேர் இறங்குகிறோம். நான் பத்தாவதாக வருகிறேன். முன்னேற்றம்.

மூன்றாவது ஊசி போட்ட வாரம், ஒரு முடிவோடு அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும். பைக்கில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டேன்; எழுதுகிறவனுக்கு அழுகைகூட முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்றுதான் வரும். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டிவியில் ஏதோ ஓடியது, அவன் பார்க்கவில்லை.

சொன்னேன். லேப் டைம் எண் மங்குகிறது என்று அவன் போன் செய்த நாளைச் சொன்னேன். அந்த எண் மங்கவே முடியாது என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன். அப்ஸ்கேலிங் முடிந்த பிறகு திரையின் முழு அளவில் ஒட்டப்படுவது அது, ஆகவே அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்திருந்தால் ஒரு மாதமாவது முன்னால் போயிருப்போம், அந்த ஒரு மாதத்தில் உன் கண்ணில் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ, அதை நான்தான் ஒரு கேபிளுக்கு விற்றுவிட்டேன். இப்படியே பேசிக்கொண்டு போனேன். அவன் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றவர், சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

அவன் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினான். என்னைப் பார்க்க இப்போது அவன் அப்படித்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

“வாத்தியாரே, அந்த நம்பரு மட்டுமா தெரியல? உன் மூஞ்சியே அப்போ மாசக்கணக்கா சரியா தெரியல. அது ஒரு கொறையான்னு நெனச்சி உட்டுட்டேன்.”